பெற்ற பணமும் ஈட்டிய பணமும்
ஆறு ஆண்டுச் சேவைக்கு முதல் நாளிலேயே வாங்கும் உரிமக் கட்டணத்தைக் கணக்கில் எழுதும் முறை

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பெரியோர் வாக்கு. செலவுக்குச் சொன்ன இவ்வாக்கு வரவுக்கும் பொருந்தும். கைக்கு வந்த பணத்தில் எவ்வளவு நமது, எவ்வளவு இன்னும் நமதாகவில்லை என்று அளந்து பார்க்கத் தவறிய நிறுவனங்கள், இலாபம் வந்ததாக எண்ணிப் பங்கிட்டுவிட்டுப் பின்னர் கடமையை நிறைவேற்றப் பணமின்றித் தவித்திருக்கின்றன. இவ்வளவையின் ஒரு பகுதியை மட்டும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து செல்பவர்கள், அல்லது பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் நடப்பவர்கள், இருபுறமும் உள்ள பெயர்ப் பலகைகளைச் சற்றே கவனித்தல் வேண்டும். இரத்தப் பரிசோதனை நிலையம், அழகு நிலையம், மழலையர் பள்ளி, மருந்துக் கடை, சிற்றுண்டிச் சாலை என இவற்றுள் பல, ஊரறிந்த ஒரு பெரிய பெயரைத் தாங்கி நிற்கும். ஆயினும் அக்கடையின் முதலாளி பல இடங்களில் அப்பெயருக்கு உரியவர் அல்லர். அவர் நம் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார். பெயருக்கு உரிய நிறுவனத்துக்கு ஒரு தொகையை முன்னதாகச் செலுத்தி, அப்பெயரைச் சில ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றிருப்பார். இதனையே வணிகர்கள் ‘பிரான்சைஸ்’ என்கின்றனர். நாம் இதனைப் பெயர் உரிமம் என்றும், முன்னதாகச் செலுத்தும் தொகையை உரிமக் கட்டணம் என்றும் இங்கே குறிப்போம்.

நம் சங்கங்களுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. நல்ல பெயர் எடுத்த ஒரு நெசவாளர் சங்கம், தன் பெயரில் விற்பனை நிலையம் நடத்தும் உரிமையைப் பிறருக்கு அளித்துக் கட்டணம் பெறலாம். நம் உறுப்பினர்களின் பிள்ளைகளோ, சேமிப்பைத் திரட்டி அத்தகைய உரிமத்தை வேறொரு நிறுவனத்திடம் வாங்கலாம். இவ்விரு நிலைகளிலும் எழும் கேள்வி ஒன்றே: முதல் நாளில் கைமாறும் அப்பெருந்தொகை, பெற்றவரின் வருமானமாக எப்பொழுது ஆகிறது?

தறியும் தோட்டமும் கற்பித்த பாடம்

இக்கேள்விக்கு விடை காண நாம் கணக்கு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு பாவில் நான்கு சேலைகள் நெய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் உரிய கூலியை நெசவாளி முன்பணமாகவே பெற்றுவிட்டார். முதற் சேலையை அறுத்துக் கொடுத்த நாளில் அவர் ஈட்டியது எவ்வளவு? ஒரு சேலையின் கூலி மட்டுமே. மற்ற மூன்றின் கூலி அவர் மடியில் இருக்கலாம். ஆனால் அது நெய்து தீர்க்க வேண்டிய கடன். தறியில் அமர்ந்து நெய்ய நெய்ய அக்கடன் குறைகிறது, அவருடைய ஈட்டம் கூடுகிறது.

பூத்தோட்டக்காரர் பூ மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கும் பொழுதும் இதுவே நிகழ்கிறது. நாள்தோறும் மண்டிக்குப் பூக்கூடை போகப் போக, அந்நாளைய பூவின் விலை முன்பணத்தில் கழிகிறது. முன்பணம் பெற்ற அன்றே ‘இவ்வாண்டு மகசூல் முழுதும் விற்றாயிற்று’ என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வதில்லை.

உரிமக் கட்டணமும் இவ்வாறான முன்பணமே. வேறுபாடு யாதெனில், சேலையைக் கண்ணால் காணலாம், பூவைத் தராசில் நிறுக்கலாம். பெயரைப் பயன்படுத்தும் உரிமையும், ஆலோசனையும், மேற்பார்வையும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவேதான், அவற்றைக் கொடுத்து முடிக்கு முன்னரே கொடுத்துவிட்டதாகக் கணக்கெழுதும் சபலம் உண்டாகிறது.

சபலத்துக்கு ஆளான ஒரு கம்பெனி

இச்சபலம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு சான்றாக உள்ளது. அந்நாட்டின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஜான் ஜே ஹூக்கர் என்ற வழக்கறிஞர், 1960-களின் பிற்பகுதியில் வறுத்த கோழிக்கறிக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் கம்பெனி ஒன்றைத் தம் சகோதரருடன் சேர்ந்து நிறுவினார். அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பிய மின்னி பேர்ல் என்ற நகைச்சுவைக் கலைஞரின் பெயரையே கடைகளுக்குச் சூட்டினார். 1968-இல் கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பங்கின் விலை விரைவிலேயே பன்மடங்கு உயர்ந்தது.

அவ்வுயர்வுக்கு அடிப்படையாக இருந்தது, கம்பெனி காட்டிய இலாபம். அவ்விலாபமோ கோழிக்கறி விற்று வந்ததன்று. பெரும்பாலும் உரிமம் விற்று வந்தது. உரிமப் பத்திரத்தில் கையெழுத்தானதும், அதற்குரிய கட்டணம் அவ்வாண்டின் வருமானமாக எழுதப்பட்டது. கடை திறக்கப்பட்டதா, இடம் தேடிக் கொடுக்கப்பட்டதா, ஆட்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்குக் கணக்கில் இடமில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமங்கள் விற்கப்பட்டன. திறக்கப்பட்ட கடைகளோ சில நூறுதான். திறந்த கடைகளிலும் பல நட்டத்தில் நடந்தன. புதிய உரிமங்கள் விற்கும் வரை இலாபம் தோன்றியது. விற்பனை தளர்ந்ததும் அத்தோற்றம் மறைந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கம்பெனியின் கணக்கு முறையை ஆராயத் தொடங்கியது. பங்கின் விலை சரிந்து, அதனை நம்பிப் பணம் போட்டவர்கள் பெரும் நட்டமடைந்தனர்.

இதுபோன்ற நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், அந்நாட்டுக் கணக்காளர் கழகம் 1973-இல் உரிமக் கட்டணக் கணக்குக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 1981-இல் அது முறையான கணக்கு விதியாகவே ஆக்கப்பட்டது. உரிமம் தருபவர், தாம் வாக்களித்த தொடக்கப் பணிகளை ஏறத்தாழ முழுமையாகச் செய்து முடித்த பின்னரே தொடக்கக் கட்டணத்தை வருமானமாகக் கருதலாம் என்றும், பொதுவாகக் கடை திறக்கும் நாளுக்கு முன்னர் அந்நிலை வருவதில்லை என்றும் அவ்விதி கூறியது.

2018-ஆம் ஆண்டு முதல் மேலும் ஓர் அடி முன்னே வைக்கப்பட்டது. பெயர் என்பது ஒரு நாளில் கொடுத்து முடிக்கும் பொருளன்று. உரிமம் தருபவர் அப்பெயரின் மதிப்பை நாள்தோறும் காத்து வந்தால்தான் உரிமம் பெற்றவருக்குப் பயன் தொடரும். ஆகையால் பெயருக்குரிய கட்டணத்தை உரிமக் காலம் முழுவதற்கும் பரப்பி எழுதவேண்டும் என்பது புதிய விதியின் கருத்து. அதுவரை கடை திறக்கும் பொழுது தொடக்கக் கட்டணத்தை வருமானமாக எழுதி வந்த மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், அவ்வாண்டு ஜனவரி முதல் அதனை உரிமக் காலமாகிய ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதத் தொடங்கியது. இந்தியாவில் இவ்விதியை ஒத்த இந்தியக் கணக்குத் தரம் 115, பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளுக்கும் பிற பெரிய கம்பெனிகளுக்கும் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சென்னையில் எழுந்த வழக்கு

நம் மாநிலத் தலைநகரிலேயே இதனையொத்த ஒரு கேள்வி தீர்ப்புக்கு வந்தது. அது பெயர் உரிமம் பற்றியதன்று. எனினும் பல ஆண்டுச் சேவைக்கு முன்கூட்டியே பெற்ற கட்டணம் பற்றியது. அப்பொழுது சென்னையைச் சேர்ந்திருந்த மகிந்திரா ஹாலிடேஸ் என்னும் கம்பெனி, தன் விடுதிகளில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமையை நீண்ட காலத்துக்கு உறுப்பினர்களுக்கு அளித்து, அதற்கான கட்டணத்தைத் தொடக்கத்திலேயே பெற்று வந்தது. அக்கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டும் சேர்ந்த ஆண்டின் வருமானமாகக் காட்டி, எஞ்சியதை உறுப்பினர் காலம் முழுவதற்கும் பரப்பியது. வருமான வரித் துறையினரோ, கட்டணம் முழுவதும் முதலாண்டு வருமானமே என்றனர்.

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னைச் சிறப்பு அமர்வு 2010-இல் இதற்கு விடையளித்தது. கட்டணத்தைப் பெற்ற அந்நொடியிலேயே, வருங்காலத்தில் பல ஆண்டுகள் சேவை செய்யவேண்டிய ஒப்பந்தக் கடமையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகையால் முழுத் தொகையையும் முதலாண்டு வருமானமாகக் கொள்ள இயலாது என்பது அம்முடிவின் சாரம். பின்னர் 2018-இல் தரம் 115 வந்தபொழுது, சேரும் ஆண்டிலேயே வருமானமாக எழுதிவந்த பகுதியையும் அக்கம்பெனி உறுப்பினர் காலத்துக்குப் பரப்ப நேர்ந்தது. 

நம் போன்ற சங்கங்களைத் தரம் 115 கட்டுப்படுத்துவதில்லை. இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் 1985-இல் வெளியிட்ட கணக்குத் தரம் 9-இலேயே இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. கல்விக் கட்டணத்தைப் பயிற்சி நடைபெறும் காலத்துக்கும், குறித்த காலச் சேவைக்கென வாங்கும் உறுப்பினர் கட்டணத்தை அச்சேவையின் தன்மைக்கும் காலத்துக்கும் ஏற்பவும் வருமானமாகக் கொள்ளவேண்டும் என்று அது கூறுகிறது. பெயர் உரிமத்துக்கும் இதே நியாயந்தான்.

ஒரு கணக்கை எழுதிப் பார்ப்போம்

இனி, உதாரணமாக ஒரு நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இது நாம் கற்பித்துக்கொண்டதே. சங்கம் தன் பெயரில் அம்பத்தூரில் ஒரு விற்பனை நிலையம் நடத்தும் உரிமையை ஒரு வணிகருக்கு அளிக்கிறது. உரிமக் காலம் 2025 அக்டோபர் 1 முதல் 2031 செப்டம்பர் 30 முடிய 6 ஆண்டுகள், அதாவது 72 மாதங்கள். உரிமக் கட்டணம் 6,00,000 ரூபாய். இதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, 1,08,000 ரூபாய். ஆக 7,08,000 ரூபாயை வணிகர் 2025 ஜூலையில் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுகிறார்.

சங்கம் அவருக்கு வாக்களித்தது இரண்டு. முதலாவது, கடை திறக்குமுன் விற்பனையாளர்களுக்குத் துணி வகைகளைப் பற்றியும் கணக்கு முறையைப் பற்றியும் இரு வாரப் பயிற்சி. இரண்டாவது, ஆறு ஆண்டுகளும் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, பருவந்தோறும் புதிய வடிவமைப்புகள், காலாண்டுக்கு ஒருமுறை மேற்பார்வை. பயிற்சியைத் தனியே விற்றால் 60,000 ரூபாய் பெறும் என்றும், மற்றவை 5,40,000 ரூபாய் பெறும் என்றும் மதிப்பிடப்படுகிறது.

முதற்படி, வரியைப் பிரித்தல். 1,08,000 ரூபாய் சங்கத்தின் பணமே அன்று; அரசுக்குச் சேர வேண்டியது. சேவைக்கு முன்பணம் பெற்றாலே இவ்வரி செலுத்தும் பொறுப்பு வந்துவிடும்; சேவை முடியும் வரை காத்திருக்க இயலாது. ‘ஆறு ஆண்டுகளுக்குப் பரப்பித்தானே வருமானம் எழுதுகிறோம், வரியையும் அப்படியே கட்டலாம்’ என்று எண்ணிய செயலாளர் வட்டி கட்ட நேரிடும். வருமானத்துக்கு ஒரு நாட்காட்டி, இவ்வரிக்கு வேறொரு நாட்காட்டி என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் படி, கட்டணத்தைக் கடனாக எழுதுதல். எஞ்சிய 6,00,000 ரூபாய், ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில் ‘முன்கூட்டிப் பெற்ற உரிமக் கட்டணம்’ என்ற தலைப்பில் நிற்கும். இலாப நட்டக் கணக்கில் இன்னும் ஒரு காசும் சேராது. ரொக்க வரவு செலவுப் பட்டியலில் மட்டும் முழுத் தொகையும் வரவாகத் தோன்றும். அது பணம் வந்ததற்குச் சான்றேயன்றி, ஈட்டியதற்குச் சான்றன்று.

மூன்றாம் படி, செய்து முடித்ததற்கு உரியதை வருமானமாக மாற்றுதல். செப்டம்பரில் பயிற்சி முடிந்ததும் 60,000 ரூபாயை வருமானமாக எழுதலாம். இவ்வாறு பயிற்சியைத் தனியே பிரிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது இந்த உரிமத்தைச் சாராமலே பயன் தரத்தக்க, பிறரிடமும் பெறத்தக்க பயிற்சியாக இருக்கவேண்டும். துணி வகைகளை அறிதலும் விற்பனைக் கணக்கு எழுதுதலும் எந்தக் கடையிலும் உதவும், ஆகவே பிரிக்கலாம். ‘எங்கள் பெயர்ப் பலகையை எவ்வாறு மாட்டுவது’ என்பது போன்ற, உரிமம் இல்லையேல் பயனற்ற பயிற்சியாயின் பிரித்தலாகாது. அதன் கட்டணமும் ஆறு ஆண்டுகளுக்குப் பரவவேண்டும். முதலாண்டு வருமானத்தைக் கூட்டிக் காட்ட விரும்புவோர், பயிற்சிக்கு மிகையான மதிப்பிடுவது வழக்கம். தணிக்கையாளர் முதலில் கை வைக்கும் இடமும் இதுவே.

மீதமுள்ள 5,40,000 ரூபாயை 72-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 7,500 ரூபாய். அக்டோபர் முதல் மார்ச் வரை 6 மாதங்களுக்கு 45,000 ரூபாய். ஆக 2025–26-ஆம் ஆண்டின் வருமானம் 60,000-உம் 45,000-உம் சேர்ந்து 1,05,000 ரூபாய். 2026 மார்ச் 31-இல் பொறுப்பாக நிற்பது 4,95,000 ரூபாய். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 90,000 ரூபாயும், இறுதி அரையாண்டில் 45,000 ரூபாயும் வருமானமாகும். அத்துடன் கணக்குத் தீரும்.

வணிகர் தம் விற்பனையில் மாதந்தோறும் ஒரு விழுக்காடு தருவதாகவும் ஒப்பந்தம் இருந்தால், அது அந்தந்த மாதத்து வருமானமே. அதனைப் பரப்பத் தேவையில்லை. அத்தொகை முன்பணமன்று, விற்பனை நிகழ்ந்த பின்னரே வருவது.

இலாபம் என்று எண்ணியது எங்கே போயிற்று?

இவ்வாறு எழுதுவதால் உறுப்பினர்களுக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். பயிற்சிக்குச் சங்கத்துக்கு ஆன செலவு 40,000 ரூபாய் என்போம். வடிவமைப்பாளர் சம்பளம், மேற்பார்வையாளர் பயணம், விளம்பரம் ஆகியவற்றில் இந்நிலையத்தின் பங்கு ஆண்டுக்கு 70,000 ரூபாய். அரையாண்டுக்கு 35,000 ரூபாய்.

முறைப்படி எழுதினால், முதலாண்டு வருமானம் 1,05,000, செலவு 75,000, மிச்சம் 30,000 ரூபாய். பின்வரும் ஐந்து ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம். கடைசி அரையாண்டில் 10,000 ரூபாய். ஆறு ஆண்டுகளிலும் சேர்ந்து 1,40,000 ரூபாய்.

கட்டணம் முழுவதையும் முதலாண்டு வருமானமாக எழுதினால், அவ்வாண்டு மிச்சம் 5,25,000 ரூபாய் என்று தோன்றும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் வருமானம் ஏதுமின்றி ஆண்டுக்கு 70,000 ரூபாய் நட்டம். கடைசி அரையாண்டில் 35,000 ரூபாய் நட்டம். கூட்டிக் கழித்தால் இங்கும் அதே 1,40,000 ரூபாய்தான். எழுதும் முறை மாறியதால் ஒரு காசும் கூடவில்லை, குறையவில்லை. மாறியது, எந்த ஆண்டில் எவ்வளவு தோன்றுகிறது என்பது மட்டுமே.

ஆனால் சங்கத்தில் அந்தத் தோற்றமே பணத்தைக் கைமாற்றிவிடும். நிகர இலாபத்தைக் கொண்டுதான் சேமநிதிக்கு ஒதுக்குகிறோம், பங்குகளுக்கு இலாப ஈவு தருகிறோம், ஊக்கத் தொகை வழங்குகிறோம். இத்தகைய பத்து நிலையங்களை ஒரே ஆண்டில் திறந்த சங்கம், தவறான முறையில் 52,50,000 ரூபாய் மிச்சம் காட்டும். முறைப்படி அவ்வாண்டின் மிச்சம் 3,00,000 ரூபாயே. வித்தியாசமாகிய 49,50,000 ரூபாய், பத்து வணிகர்களுக்கும் சங்கம் இன்னும் செய்யவேண்டிய சேவையின் மதிப்பு. அதிலிருந்து ஈவு கொடுத்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் வடிவமைப்பாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? புதிய உரிமங்களை விற்றுப் பழைய கடமையைத் தீர்க்கத் தொடங்கிய அன்றே, சங்கம் நாஷ்வில் நகரத்துக் கம்பெனியின் வழியில் அடியெடுத்து வைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதில் உறுப்பினர்களுக்கிடையே ஒரு நியாயமும் அடங்கியுள்ளது. முதலாண்டில் உறுப்பினராக இருந்தவர் கொழுத்த ஈவு பெற்று விலகலாம். மூன்றாம் ஆண்டில் சேர்ந்த இளம் நெசவாளியோ நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். சேவை செய்யப்படும் ஆண்டில் வருமானத்தை எழுதினால், அவ்வாண்டு உழைப்பின் பயன் அவ்வாண்டு உறுப்பினருக்கே சேரும்.

இடையில் நின்றுபோனால்

‘கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். இதனைக் காட்டி, ‘திருப்பித் தரவேண்டியதில்லை என்றால் பணம் நமதுதானே? அன்றே வருமானமாக எழுதினால் என்ன?’ என்று வாதிடுவோர் உண்டு. இது பலரை மயக்கும் வாதம். பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்பது வேறு. சேவை செய்யவேண்டியதில்லை என்பது வேறு. முதலாவது கடமை நீங்கினாலும் இரண்டாவது நிற்கிறது. அது நிற்கும் வரை தொகை வருமானமாகாது.

நம் உதாரணத்தில், அம்பத்தூர் வணிகர் 2028 மார்ச் 31-இல் கடையை மூடி, ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டார் என்போம். அதுவரை 30 மாதங்கள் கழிந்துள்ளன. 30 மாதங்களுக்கு 2,25,000 ரூபாயும், பயிற்சிக்கு 60,000 ரூபாயும் சேர்த்து 2,85,000 ரூபாய் வருமானமாக எழுதப்பட்டிருக்கும். 3,15,000 ரூபாய் பொறுப்பாக நிற்கும். திருப்பித் தரவேண்டியதில்லை என்பது ஒப்பந்தமானால், இனிச் செய்யவேண்டிய சேவையும் இல்லாமற் போனதால், அந்த 3,15,000 ரூபாயும் அவ்வாண்டு வருமானமாகும். ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்றிருந்தால், அப்பகுதியைக் கொடுத்தது போக எஞ்சியதே வருமானம். இவ்வாறு வந்த தொகை மீண்டும் வாராதது. ஆகவே அதனைத் தனி வரியில் காட்டவேண்டும். கடை மூடப்பட்ட ஆண்டில் இலாபம் உயர்ந்து தோன்றுவது நல்ல வியாபாரத்தின் அடையாளமன்று.

பணம் செலுத்தியும் கடை திறக்கவே இல்லை என்றால் உரிமக் காலம் தொடங்கவில்லை. மாதாந்தர வருமானம் எழுதலாகாது. ஐந்தொகை நாளில் திறக்கப்படாத நிலையங்கள் எத்தனை என்று தனியே ஒரு பட்டியல் வைத்திருத்தல் நன்று.

உரிமம் வாங்குவோர் அறியவேண்டியது

ஆவடியிலோ திருமுல்லைவாயிலிலோ ஒரு பெரிய பெயரின்கீழ்க் கடை வைக்க எண்ணும் நம் வீட்டுப் பிள்ளைகள், இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து நோக்கவேண்டும். அவர்கள் செலுத்தும் கட்டணமும் முதலாண்டின் செலவன்று. பயன் கிடைக்கும் ஆறு ஆண்டுகளுக்கும் அதனைப் பகிர்ந்து எழுதவேண்டும். இல்லையேல் முதலாண்டில் பெருநட்டமும் பின்னர் போலி இலாபமும் தோன்றும்.

இதனினும் முக்கியமானது, தாம் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் ஐந்தொகையைக் கேட்டு வாங்கிப் பார்த்தல். கம்பெனியாயின் அதனைப் பதிவாளர் அலுவலகப் பதிவுகளிலிருந்தும் கட்டணம் செலுத்திப் பெறலாம். பல ஆண்டுச் சேவைக்கு முன்பணம் வாங்கும் நிறுவனத்தின் பொறுப்புகள் பக்கத்தில், முன்கூட்டிப் பெற்ற கட்டணம் என்று ஒரு தொகை இருந்தே ஆகவேண்டும். அது இல்லையெனில், ‘நீங்கள் எனக்கு ஆறு ஆண்டுகள் செய்யப்போகும் சேவை எந்தத் தலைப்பில் உள்ளது?’ என்று கேட்கலாம். அவ்வாறே, அந்நிறுவனத்தின் வருமானத்தில் புதிய உரிமக் கட்டணம் எவ்வளவு, நடக்கும் கடைகளின் விற்பனையிலிருந்து வருவது எவ்வளவு என்றும் கேட்கவேண்டும். முன்னது பெரிதாகவும் பின்னது சிறிதாகவும் இருந்தால், அந்நிறுவனம் பெயரைக் காத்து வாழவில்லை. பெயரை விற்று வாழ்கிறது.

மகாசபையில் கேட்கத்தக்க ஒரு கேள்வி

நம் சங்கம் உரிமம் தருவதாயின், ஆண்டுக் கணக்கு மகாசபையில் வைக்கப்படும் பொழுது உறுப்பினர் எவரும் ஒரு சிறு பெருக்கலால் அதனைச் சோதிக்கலாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிமக் காலத்தில் இன்னும் எத்தனை மாதங்கள் மீதமுள்ளன என்று கேளுங்கள். மாதக் கட்டணத்தால் அதனைப் பெருக்குங்கள். அம்பத்தூர் நிலையத்துக்கு 2026 மார்ச் 31-இல் மீதமிருப்பது 66 மாதங்கள். 66-ஐ 7,500-ஆல் பெருக்கினால் 4,95,000 ரூபாய். ஐந்தொகையில் இந்நிலையத்தின் பெயரில் நிற்கும் பொறுப்பும் அதுவேயாக இருக்கவேண்டும். குறைந்திருந்தால், வரும் ஆண்டுகளின் வருமானம் இவ்வாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. கூடியிருந்தால், செய்து முடித்த சேவைக்குரிய வருமானம் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது.

அடுத்து, அந்த 4,95,000 ரூபாய்க்கு ஈடான பணம் வங்கி இருப்பிலோ வைப்பிலோ உள்ளதா என்றும் பாருங்கள். சேவைக்கு ஆகும் செலவையேனும் தாங்கும் அளவு பணம் ஒதுங்கி இருத்தல் வேண்டும். பணம் கட்டடமாகவோ கடன் தீர்த்த வகையிலோ போயிருந்தால் அது குற்றமாகாது; ஆனால் வரும் ஆண்டுகளின் மேற்பார்வைச் செலவுக்கு வழி என்ன என்று நிர்வாகக் குழு விளக்கவேண்டும்.

பாவு தறியில் இருக்கும்பொழுது, எத்தனை முழம் நெய்தாயிற்று, எத்தனை முழம் மீதம் என்பதை நெசவாளி தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். முன்கூட்டிப் பெற்ற கட்டணம் என்ற அந்த ஒரு வரி, சங்கத்தின் தறியில் இன்னும் நெய்யப்படாமல் நிற்கும் பாவின் அளவு. ஈவு எவ்வளவு என்று கேட்கு முன்னர், அவ்வரியைக் கேட்டறிதல் உறுப்பினர் ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் ஆகும்.